எஸ்.டி. தாளில் கையெழுத்துப் போடும் முன்: வரிவரியாகச் சரிபார்க்கும் முறை

மலேசியாவில் வங்கி முகப்பில் ‘ஒரு எஸ்.டி. செய்துகொண்டு வாங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பள்ளி அலுவலகத்திலும் அப்படித்தான். எஸ்.டி. என்பது ஆங்கிலத்தில் ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன், மலாயில் சூராட் அகுவான் பெர்கானுன், தமிழில் சத்தியப் பிரமாணப் பத்திரம். 1960ஆம் ஆண்டின் அக்தா அகுவான் பெர்கானுன் என்ற சட்டப்படி, சொல்வது உண்மை என்று உறுதி கூறி, பெசுருஜாயா சும்பா எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடும் தாள் இது. மாஜிஸ்திரேட் முன்னும் செஷன்ஸ் நீதிபதி முன்னும் கூடச் செய்யலாம். ஆனால் சாதாரண மக்கள் போவது ஆணையரிடம்தான்.

ஆணையர் உங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார், ஆள் நீங்கள்தானா என்று உறுதிசெய்வார், கையெழுத்து வாங்குவார், முத்திரை குத்துவார். உள்ளே எழுதியிருப்பது சரியா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. தட்டச்சு செய்து கொடுத்த கடைக்காரரும் நேற்று வேறொருவருக்கு அடித்த தாளைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆக, எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டியவர் கையெழுத்துப் போடுகிறவரோ, அவருக்குத் துணையாகப் போகும் பிள்ளையோதான்.

நம்மவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது பெயர் எழுத்து வேறுபாட்டுக்கான எஸ்.டி. பழைய வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரியும் மைகார்ட் எனப்படும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் பெயர் இருக்கும். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுத ஆளுக்கொரு முறை வைத்திருந்த காலத்தில் பதிவான பெயர்கள் அவை. எனவே அந்த வகையையே எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்போம். பள்ளிக்கான எஸ்.டி.யில் மாறும் விஷயங்களைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

உதாரணத் தாள்

பினாங்கில் இருக்கும் ஓர் அம்மா. வைப்புத் தொகையை எடுக்கப் போனபோது, புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று வங்கி சொல்லிவிட்டது. இரண்டும் ஒருவரே என்று எஸ்.டி. வேண்டும். பெயரும் எண்ணும் விளக்கத்துக்காக நான் கட்டியவை.

```
மைகார்ட்: SARASVATHI A/P MUNIANDI
         620518-07-...4
வங்கிப் புத்தகம்: SARASWATHY A/P MUNIANDY
```

தட்டச்சுக் கடையிலிருந்து வந்த மலாய்த் தாளில் நான்கு பத்திகள். அதன் பொருளைத் தமிழில் தருகிறேன், பெயர்களை மட்டும் அடித்தபடியே விட்டிருக்கிறேன்:

```
நான், SARASVATHI A/P MUNIANDY, 620815-07-...4,
உறுதி கூறுவதாவது:
1. என் பெயர் மைகார்டில் SARASVATHI A/P MUNIANDI.
2. வங்கிக் கணக்கில் என் பெயர் SARASWATHY A/P MUNIANDY.
3. SARASVATHI என்பவரும் SARASWATHI என்பவரும் ஒருவரே.
4. என் கணவரின் கடன் விண்ணப்பத்துக்காக இதைச் செய்கிறேன்.
   (இடம்: ஷா ஆலம், சிலாங்கூர்)
```

மேலோட்டமாகப் படித்தால் நல்ல தாள். நிறுத்தி நிதானமாகப் பார்த்தால் ஐந்து தப்பு இருக்கிறது. ஒவ்வொன்றையும் எந்தப் படியில் பிடிக்கலாம் என்று பார்ப்போம்.

முதல் படி: வங்கி என்ன கேட்டது

தாளைத் திறக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. யார் பெயரில் உறுதி கூற வேண்டும்? வங்கிக்கென்று தனி மாதிரிப் படிவம் இருக்கிறதா? அசல் வேண்டுமா, எத்தனை? முத்திரை வரி கட்டிய தாளாக இருக்க வேண்டுமா? எந்தக் கணக்கு எண்ணைக் குறிப்பிட வேண்டும்? முகப்பில் இருப்பவரிடம் வாய்வழியாகக் கேட்டால் பாதி மறந்துபோகும். ‘ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்க தம்பி’ என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் எழுதித் தருவார்கள். எழுதித் தர மறுத்தால் நீங்களே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, சரி என்று சொல்ல வையுங்கள்.

மாதிரிப் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். உங்கள் கடைக்காரரின் வார்த்தை அழகாக இருந்தாலும், வங்கியின் சட்டப் பிரிவு அதன் சொந்த வாசகத்தைத்தான் தேடும்.

இரண்டாம் படி: பெயரை எழுத்துக்கு எழுத்து

இங்கேதான் நேரத்தைச் செலவு செய்ய வேண்டும். அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் அசலாக மேசையில் இருக்கட்டும். ஒருவர் அட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் தாளில் அந்த எழுத்தின் மேல் பென்சில் முனையை வைத்து நகர்த்த வேண்டும். தனியாக இருந்தால் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். நேராகப் படித்தால் கண் பழகிய பெயரைப் பார்த்துவிட்டு, அச்சில் இருப்பதைப் பார்க்காமல் தாண்டிவிடும்.

உதாரணத் தாளில் முதல் தப்பு இங்கே கிடைக்கிறது. தலைப்பு வரியில் தகப்பனார் பெயர் Y-யில் முடிகிறது. மைகார்டில் I. கடைக்காரர் வங்கிப் புத்தகத்தையும் அட்டையையும் கலந்து அடித்துவிட்டார். உறுதி கூறுகிறவரை அறிமுகப்படுத்தும் வரியில் எப்போதும் மைகார்டில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும். ஆணையர் அட்டையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்.

இரண்டாவது தப்பு மூன்றாம் பத்தியில். அங்கே மூன்றாவதாக ஓர் எழுத்துமுறை முளைத்திருக்கிறது, W-வும் கடைசியில் I-யும். அட்டையிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. இரண்டு பெயரை ஒன்றாக்க வந்த தாள், இல்லாத மூன்றாவது பெயரை உண்டாக்கிவிட்டது. வங்கி இதைக் கவனித்தால் இன்னொரு எஸ்.டி. கேட்கும். அதே பத்தியில் தகப்பனார் பெயரும் விட்டுப்போயிருக்கிறது, அது மூன்றாவது தப்பு. முழுப்பெயரை விட்டு முதல் பெயரை மட்டும் போட்டால், தகப்பனார் பெயரில் உள்ள வேறுபாட்டுக்கு யாரும் உறுதி சொல்லவே இல்லை.

அப்புறம் சின்ன அடையாளங்களைப் பாருங்கள். `A/P`, `A/L` சாய்கோட்டோடு இருக்கிறதா? பழைய பத்திரங்களில் `D/O`, `S/O` என்று இருந்தால், அந்தப் பத்திரத்தைக் குறிப்பிடும் இடத்தில் அதையே போடுங்கள், திருத்தி எழுதாதீர்கள். அட்டையில் `@` போட்டு இரண்டு பெயர் இருந்தால் இரண்டும் வர வேண்டும். பெயருக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, சேர்ந்திருக்கிறதா என்பதும் எழுத்துதான். மைகார்டிலிருப்பதே தப்பான எழுத்து என்று உங்களுக்குத் தோன்றினாலும் இந்தத் தாளில் அதைத் திருத்தக்கூடாது. அது தேசியப் பதிவு இலாகாவில் தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாம் படி: அட்டை எண் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்

மைகார்ட் எண்ணில் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்குக்கு 07, பேராக்குக்கு 08, சிலாங்கூருக்கு 10, கூட்டரசுப் பிரதேசம் கோலாலம்பூருக்கு 14. பினாங்கில் குடியிருந்தாலும் ஈப்போவில் பிறந்தவருக்கு 08 வரலாம், அதைத் தப்பு என்று நினைக்க வேண்டாம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை.

உதாரணத்தில் அம்மா பிறந்தது 1962 மே 18. எண் `620518` என்று தொடங்க வேண்டும். தாளில் `620815`. ஆகஸ்ட் 15 என்பதும் நாட்காட்டியில் உள்ள தேதியே என்பதால், ‘இப்படி ஒரு தேதி உண்டா’ என்று மட்டும் பார்ப்பவர் இதைப் பிடிக்க முடியாது. அம்மாவிடம் ‘உங்க பிறந்த நாள் என்னம்மா’ என்று கேட்டால் உடனே பிடித்துவிடலாம். இது நான்காவது தப்பு. கடைசி இலக்கம் 4, இரட்டைப்படை, அது சரியாக வந்திருக்கிறது.

கணக்கு எண்ணுக்கு இந்த மாதிரி உள்ளடையாளம் எதுவும் உங்களுக்குத் தெரியாது. அதனால் நான்கு நான்காகப் பிரித்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு மொத்த இலக்க எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான் ஒன்று குறைந்தோ கூடியோ போகும்.

நான்காம் படி: ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது

இப்போது எழுத்தை விட்டுவிட்டு பொருளுக்கு வாருங்கள். ஒவ்வொரு பத்தியையும் படித்து, ‘இது எனக்கு நேரடியாகத் தெரியுமா’ என்று கேளுங்கள். எஸ்.டி.யில் தெரிந்தே பொய் சொல்வது குற்றவியல் சட்டத்தின் 199ஆவது பிரிவில் வரும் குற்றம். சும்மா ஒரு படிவம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. ‘எனக்கு வேறு கணக்கு எதுவும் இல்லை’, ‘வேறு யாருக்கும் இதில் உரிமை இல்லை’ போன்ற கூடுதல் வாக்கியங்கள் மாதிரித் தாளிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும். வங்கி கேட்கவில்லை, உங்களுக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றால் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

நான்காம் பத்தியில் இருப்பது அப்படி ஒட்டிக்கொண்டு வந்த ஐந்தாவது தப்பு. அம்மா வந்தது தன் வைப்புத் தொகையை எடுக்க. கணவரின் கடன் பற்றிய வரி வேறு யாரோ ஒருவருடையது. இதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் பெரிய தீமை வராது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உண்மையில்லாத காரணத்தை உறுதிமொழியின் கீழ் சொல்வது எதற்கு?

ஷா ஆலம் என்ற இடப்பெயரும் ஒட்டுதான். அதைத் தப்பு என்று எண்ணவில்லை, ஏனென்றால் கையெழுத்துப் பகுதி பற்றிச் சொல்லும்போது அது தனியாக வருகிறது. ஆண், பெண் பற்றிய சொற்களையும் ஒரு பார்வை பாருங்கள். மலாயில் ‘இஸ்திரி சாயா’, ‘சுவாமி சாயா’ என்று மனைவியும் கணவரும் மாறிக்கிடப்பது, மகன் மகள் மாறிக்கிடப்பது எல்லாம் ஒட்டிய தாளின் அறிகுறி. வங்கியின் பெயரும் சரிதானா? சுருக்கப் பெயர் வேண்டாம், சட்டப்படியான முழுப்பெயர் புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கும்.

திருத்திய பின் தாளின் உள்ளடக்கம் இப்படி வர வேண்டும்:

```
நான், SARASVATHI A/P MUNIANDI, 620518-07-...4, [முகவரி]
1. மேலே உள்ளது மைகார்டில் உள்ள என் பெயர்.
2. [வங்கி] கணக்கு எண் [...]-இல் என் பெயர்
   SARASWATHY A/P MUNIANDY எனப் பதிவாகியுள்ளது.
3. SARASVATHI A/P MUNIANDI, SARASWATHY A/P MUNIANDY
   ஆகிய இரண்டும் என்னையே, ஒரே ஆளையே குறிக்கும்.
4. மேற்கண்ட கணக்கின் வைப்புத் தொகையை எடுப்பதற்காக
   இதைச் செய்கிறேன்.
```

ஒரு பத்திக்கு ஒரு விஷயம். மூன்றாம் பத்திதான் தாளின் உயிர். அதில் இருக்கும் இரண்டு பெயரும் முதல் வரியோடும் இரண்டாம் பத்தியோடும் எழுத்து மாறாமல் ஒத்துப்போகிறதா என்று கடைசியாக ஒருமுறை கோடு போட்டு இணைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: முடிவு வரியும் கையெழுத்துப் பகுதியும்

பத்திகள் முடிந்ததும் சட்டம் தந்த முடிவுவாசகம் வர வேண்டும். இதில் சொல்லப்பட்டவை உண்மை என்று நம்பி, அக்தா அகுவான் பெர்கானுன் 1960-இன்படி இந்த உறுதிமொழியைச் செய்கிறேன் என்ற கருத்து அதில் இருக்கும். இது இல்லையென்றால் தாள் வெறும் கடிதம்தான். ஆண்டைக் கவனியுங்கள். கணினியில் எல்லா ஆண்டையும் ஒரே அடியாக மாற்றும்போது சட்டத்தின் ஆண்டும் சேர்ந்து மாறிவிடும்.

கீழே, ‘மேலே பெயர் சொல்லப்பட்டவர் இன்ன இடத்தில், இன்ன மாநிலத்தில், இன்ன தேதியில் உறுதி கூறினார், என் முன்னிலையில்’ என்ற பகுதி. இங்கே வருவது கையெழுத்திடும் இடம். நீங்கள் பட்டர்வொர்த்தில் குடியிருந்து ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட் நீதிமன்றப் பக்கம் போய்க் கையெழுத்திட்டால் ஜார்ஜ்டவுன், பினாங்கு என்று வர வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஆணையரைப் பார்த்தால் கோலாலம்பூர், கூட்டரசுப் பிரதேசம். எங்கே போவீர்கள் என்று நிச்சயமில்லை என்றால் இடத்தைக் கோடாக விட்டுவிடச் சொல்லுங்கள். தேதியையும் அப்படியே. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. ஆணையரின் கண் முன்னால்தான் போட வேண்டும்.

தாள் இரண்டு பக்கமாக நீண்டால், கையெழுத்துப் பகுதி மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கக் கூடாது. பத்திகளில் ஒன்றாவது அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் முதல் பக்கத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்று வங்கி சந்தேகப்படும். அட்டை, புத்தகம் ஆகியவற்றின் நகலை இணைப்பதாக எழுதியிருந்தால், தாளில் ‘லாம்பிரான் ஏ’ என்று சொன்னதும் நகலின் மேல் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மாவுக்கு மலாய் படிக்க வராது என்றால், தாளை ஒருவர் தமிழில் படித்து விளக்க வேண்டும். அதை ஆணையரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விளக்கிச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டார் என்று கையெழுத்துப் பகுதியில் எப்படிக் குறிக்க வேண்டும் என்று அவர் சொல்வார். அம்மா புரியாமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ‘எதுக்குப்பா இது’ என்று கேட்டால், அந்த உறுதிமொழிக்கு என்ன மதிப்பு?

பள்ளிக்கான தாள் என்றால்

பள்ளிக்குப் பெரும்பாலும் வேண்டியது பிள்ளை எங்கே குடியிருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பது. இங்கே உறுதி கூறுகிறவர் தகப்பனோ தாயோ பாதுகாவலரோ. பிள்ளையின் பெயரை மைகிட் அல்லது பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பாருங்கள். எண்ணுக்கும் மேலே சொன்ன சோதனையே. உறுதி கூறுகிறவரின் எண்ணைப் பிள்ளையின் எண்ணாகவும், பிள்ளையின் எண்ணை அவருடையதாகவும் மாற்றி அடித்திருப்பது சகஜம். பிள்ளையின் எண் 15, 16, 17 என்று தொடங்கும், பெரியவருடையது 80, 85 என்று தொடங்கும். ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

முகவரியில் வீட்டு எண், மாடி, ஜாலான் பெயர், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை மின்கட்டண பில்லோடு ஒப்பிடுங்கள். பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், ‘நான் இந்த வீட்டின் உரிமையாளர்’ என்ற வரி உங்கள் தாளில் தவறி வந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவர் அப்படி உறுதி சொல்ல முடியாது. வீட்டுக்காரர் தனியாக ஒரு எஸ்.டி. செய்ய வேண்டும் என்று பள்ளி கேட்கலாம். ஆனால் பிள்ளையை யார் வளர்ப்பது என்பதில் பெற்றோருக்குள் தகராறு இருந்தால், கடைத் தாளை நம்பாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். சொத்து, வாரிசு, இறந்தவரின் கணக்கு போன்றவற்றுக்கும் அதுவே.

ஆணையரின் மேசையில்

அசல் மைகார்ட் கையில் இருக்கட்டும். கட்டணம் விதிப்படி நிர்ணயிக்கப்பட்டது, இணைப்புகளுக்குத் தனியாக வரும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்திடும் நேரத்தில் தப்பு கண்ணில் பட்டால் வெள்ளை மை பூச வேண்டாம். சிறியதாக இருந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, நீங்களும் ஆணையரும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். பெயரிலோ அட்டை எண்ணிலோ தப்பு என்றால் புதிதாக அடித்துவிடுவதுதான் நல்லது, திருத்திய பெயரைப் பார்த்து வங்கி முகம் சுளிக்கும்.

முத்திரை விழுந்த பிறகு மேசையை விட்டு எழும் முன், ஒரு நிமிடம் தாளைக் கையில் வைத்துப் பாருங்கள். ஆணையரின் கையெழுத்து, அவர் பெயரும் எண்ணும் உள்ள முத்திரை, தேதி, இடம், உங்கள் கையெழுத்து. இணைப்பு இருந்தால் அதிலும் அவர் குறித்திருக்க வேண்டும். ‘ஐயா, இங்கே தேதி போடலை’ என்று அப்போதே சொன்னால் அரை நிமிடத்தில் முடியும். பிறகு ஒரு நகலை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு அசலைக் கொடுங்கள்.

வங்கியில் கொடுத்த பிறகு தப்பு தெரிய வந்தால், முத்திரை குத்திய தாளில் பேனாவால் நீங்களே திருத்திவிடாதீர்கள். முகப்பில் இருப்பவர் ‘பரவாயில்லை, இங்கேயே எழுதுங்க’ என்று சொன்னாலும் வேண்டாம். புதிய தாள் அடித்து, மறுபடியும் ஆணையர் முன் கையெழுத்திட்டு, மறுபடியும் கட்டணம் கட்டி, அதைக் கொடுத்துப் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.